பில்லின் மேலா, வசூலின் மேலா? மதுரை வட்டார விற்பனை ஏஜென்ட் கமிஷன் குறித்த ஓர் ஆய்வு

மதுரை கீழமாசி வீதியில் மளிகையும், விளக்குத்தூண் சுற்றில் ஜவுளியும், பிற வீதிகளில் இரும்பு, பெயின்ட், குழாய், மோட்டார் வகைகளும் மொத்தமாகக் கைமாறுகின்றன. இந்தச் சரக்கில் பெரும்பங்கு நகருக்குள் தங்குவதில்லை. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் கடைகளுக்குப் போகிறது. அதுவும் கடனுக்குப் போகிறது. அந்தக் கடைகளுக்கு லைன் போகும் ஏஜென்ட்தான் ஆர்டர் எடுக்கிறார், பெரும்பாலும் பாக்கியையும் அவரே வசூலிக்கிறார். அவருக்கான கூலி கமிஷன். அதை எந்தத் தொகையின் மேல், எந்த நாளில் கணக்கிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இரண்டு வழிகள் புழக்கத்தில் உண்டு. பில் போட்ட மாதத்திலேயே பில் தொகைக்குக் கமிஷன் தருவது ஒன்று. கடைக்காரரிடமிருந்து பணம் வந்த பிறகு, வந்த தொகைக்கு மட்டும் தருவது மற்றொன்று. இரண்டாவதே நியாயமானது என்பது என் முடிவு. ஆனால் அது நியாயமாக இருப்பதும் ஏஜென்டைச் சுரண்டும் கருவியாக மாறுவதும், ஒப்பந்தத்தில் சில விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது.

வசூலை ஏன் அடிப்படையாகக் கொள்ள வேண்டும்

பில்லின் மேல் கமிஷன் தந்தால் ஏஜென்டின் கவனம் முழுக்கச் சரக்கைத் தள்ளுவதில் இருக்கும். கடைக்காரர் கேட்டதைவிடக் கூடுதலாக எழுதுவார். ஏற்கெனவே பாக்கி வைத்திருக்கும் கடைக்கும் புது ஆர்டர் எடுப்பார். மாதக் கடைசியில் சரக்கு லாரி ஏறும். அடுத்த மாதம் அதில் ஒரு பங்கு ரிட்டர்ன் ஆகித் திரும்பும். கமிஷன் மட்டும் அதற்குள் கை மாறியிருக்கும்.

ஜிஎஸ்டி இந்தச் சிக்கலை இறுக்கியிருக்கிறது. பில் போட்டாலே வரிக் கடன் பிறந்துவிடுகிறது. மாதாமாதம் தாக்கல் செய்யும் வியாபாரி அந்த வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கடைக்காரர் ஒரு ரூபாய்கூடத் தராதிருந்தாலும் கட்டியாக வேண்டும். பாக்கி வாராக்கடனாகிப் போனால் கட்டிய வரியைத் திரும்பப் பெற இந்திய ஜிஎஸ்டி சட்டத்தில் வழி இல்லை. 18 சதவீத வரி உள்ள பிவிசி குழாயை 1,18,000 ரூபாய்க்குக் கடனாக விற்றவர், சரக்கின் விலையோடு 18,000 ரூபாய் வரியையும் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். அதே நேரத்தில் கமிஷனையும் முன்னதாகக் கொடுத்தால், வராத பணத்துக்காக மூன்று பக்கம் செலவழித்தவராகிறார்.

வந்த பணத்துக்குத்தான் கூலி என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. எல்ஐசி முகவருக்குப் புதுப்பிப்புக் கமிஷன், பாலிசிதாரர் தவணையைக் கட்டினால்தான் உண்டு. அஞ்சலகத் தொடர் வைப்புக்கு வீடு வீடாக வசூலிக்கும் மகளிர் முகவர்களுக்கு, செலுத்தப்பட்ட தொகையில் 4 சதவீதம் கமிஷன். பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்கள் ஏஜென்ட்டுகளை ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பினார்கள். சம்பளம் தனி, லாபத்தில் கிடைக்கும் பங்கு தவணை முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான். கொடுத்த கடன் எவ்வளவு என்பதைவிட, திரும்பி வரக்கூடிய கடன் எவ்வளவு என்பதே அங்கே ஏஜென்டின் திறமைக்கு அளவுகோல்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் மதுரையிலேயே இருக்கிறது. மாட்டுத்தாவணி, பரவை சந்தைகளின் கமிஷன் கடைக்காரர், விவசாயியின் காய்கறியை விற்றுத் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவது வழக்கம். சில்லறை வியாபாரியிடம் கடன் நின்றால் அது கமிஷன் கடைக்காரரின் கவலை. பணம் வராமல் போகும் அபாயத்தைத் தானே சுமப்பதால் அவர் கமிஷன் விகிதமும் உயர்வாக இருக்கிறது. வணிகச் சட்டத்தில் இப்படிப் பொறுப்பேற்கும் முகவரை டெல் கிரெடெரே ஏஜென்ட் என்பார்கள். லைன் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய கமிஷன் வசூல்வரை காத்திருக்கலாம். கடைக்காரர் ஓடிப்போனால் அந்தப் பாக்கியை அவர் கமிஷனிலிருந்தோ சம்பளத்திலிருந்தோ பிடிப்பது வேறு விஷயம். அதற்கு வேறு ஒப்பந்தமும் வேறு விகிதமும் வேண்டும். பல கடைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஏஜென்ட்டுகளின் மனக்கசப்பில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு கணக்கு, ஆரம்பம் முதல் முடிவு வரை

மதுரையில் ஒரு குழாய் மொத்த வியாபாரி. உசிலம்பட்டியில் ஒரு கடை. ஏஜென்ட்டுக்கு வரி நீங்கிய வசூலில் 2 சதவீதம் என்று பேச்சு. விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு இது.

ஜூன் 10 அன்று முதல் பில்: சரக்கு 1,00,000, வரி 18,000, மொத்தம் 1,18,000 ரூபாய். ஜூலை 5 அன்று இரண்டாவது பில்: சரக்கு 50,000, வரி 9,000, மொத்தம் 59,000. ஜூலை 25 அன்று முதல் பில்லின் சரக்கில் 10,000 ரூபாய்க்கு அளவு மாறிய ஃபிட்டிங்ஸ் திரும்புகிறது. வரியோடு 11,800 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் போடுகிறார்கள். முதல் பில்லில் இப்போது நிற்பது 1,06,200.

ஆகஸ்ட் 2 அன்று கடைக்காரர் ஒரு லட்சத்துக்குச் செக் தருகிறார். அது ஆகஸ்ட் 5 அன்று பாஸாகிறது. இந்த ஒரு லட்சத்துக்குள் அரசின் வரியும் இருக்கிறது. அதை நீக்கினால்தான் கமிஷனுக்கான தொகை கிடைக்கும். சூத்திரம் எளிது:

கமிஷன் = வந்த தொகை × (பில்லின் வரி நீங்கிய மதிப்பு ÷ பில் மொத்தம்) × விகிதம்

ஒரு லட்சத்தை 118-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 84,745.76. அதில் 2 சதவீதம் 1,694.92 ரூபாய். ஆகஸ்ட் மாதக் கமிஷன் அதுதான். ஒரே பில்லில் 5 சதவீதச் சரக்கும் 18 சதவீதச் சரக்கும் கலந்திருந்தாலும் இதே சூத்திரம் போதும், ஏனென்றால் அது அந்தப் பில்லின் சொந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறது. லாரி வாடகையும் ஏற்றுகூலியும் பில்லில் சேர்ந்திருந்தால் அவற்றையும் மேல் எண்ணிலிருந்து நீக்கிவிடலாம்.

முதல் பில்லில் 6,200, இரண்டாவதில் 59,000 என 65,200 ரூபாய் நிற்கிறது. செப்டம்பர் 20 அன்று கடைக்காரர் 64,000 தந்து, மீதி 1,200 ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார், முதலாளியும் சம்மதிக்கிறார். 64,000-இல் வரி நீங்கிய பங்கு 54,237.29; கமிஷன் 1,084.75. இரண்டு வரவுக்கும் சேர்த்து ஏஜென்டுக்குக் கிடைத்தது 2,779.67 ரூபாய்.

பில்லின் மேல் கணக்கிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜூனில் 2,000, ஜூலையில் 1,000, ரிட்டர்னுக்கு 200 பிடித்தம், ஆக 2,800. வித்தியாசம் 20 ரூபாய் 33 காசு. அதுவும் கழித்துவிட்ட 1,200 ரூபாயின் வரி நீங்கிய பங்குக்கான கமிஷன்தான்.

இந்தச் சிறு வித்தியாசத்தில் ஒரு பெரிய செய்தி இருக்கிறது. பாக்கி ஒழுங்காக வந்து சேரும் லைனில், வசூல் முறை ஏஜென்டின் மொத்த வருமானத்தைக் குறைப்பதில்லை. அது மாற்றுவது காலத்தை. ஜூனில் உழைத்ததற்கு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கூலி. ஆகவே பில் முறையிலிருந்து வசூல் முறைக்கு மாறும் வியாபாரி, முதல் இரண்டு மூன்று மாதம் ஏஜென்டின் கை காலியாக இருக்கும் என்பதை உணர்ந்து, பின்னால் கழித்துக்கொள்ளும் முன்பணம் தர வேண்டும். இல்லாவிட்டால் மாற்றத்தின் முழுச் செலவையும் ஏஜென்டின் குடும்பம்தான் சுமக்கும்.

வரியை நீக்காமல் 1,64,000 ரூபாய்க்கும் 2 சதவீதம் போட்டிருந்தால் 3,280 ரூபாய் ஆகியிருக்கும். 500 ரூபாய் கூடுதல். அரசுக்குப் போகும் பணத்துக்குக் கமிஷன் தந்த கணக்கு அது. சில கடைகளில் வேண்டுமென்றே வரியோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். அதில் தவறில்லை, விகிதத்தைப் பேசும்போதே அது தெரிந்திருந்தால்.

எந்தப் பில்லுக்கு வந்த பணம்?

கணக்கு போடும் இடத்தில் தகராறு குறைவு. தகராறு தொடங்குவது வந்த பணத்தை எந்தப் பில்லில் வரவு வைப்பது என்பதில். ஆகஸ்ட் 2-இன் ஒரு லட்சத்தை முதல் பில்லில் வைத்தோம். இரண்டாவதை முதலில் தீர்த்து மீதியை முதல் பில்லில் வைத்திருந்தால் பாக்கியின் வயது மாறியிருக்கும்.

1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையுள்ள பிரிவுகள் இதற்கு வரிசை சொல்கின்றன. கடன்பட்டவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லித் தந்தால், ஏற்றுக்கொண்ட பணத்தை அதற்கே வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் தேர்ந்துகொள்ளலாம். இருவரும் சொல்லாவிட்டால் பழைய கடன் முதலில் தீரும். ஏஜென்டுக்கு இதில் இடமே இல்லை. நடைமுறையிலோ, ரசீதில் பில் எண் எழுதுகிறவர் அவர்தான்.

டேலியில் ரசீது வவுச்சர் போடும்போது இது கண்ணுக்குத் தெரியும். பில்வாரிக் கணக்கு இயக்கத்தில் இருந்தால் `Agst Ref`, `New Ref`, `Advance`, `On Account` என்று நான்கு வழி காட்டும். `Agst Ref` தேர்ந்தால் குறிப்பிட்ட பில் குறையும். அவசரத்தில் `On Account` போட்டுவிட்டால் பணம் கடைக்காரர் கணக்கில் ஏறும், ஆனால் எந்தப் பில்லும் குறையாது. மாதக் கடைசியில் கமிஷன் பட்டியல் எடுக்கும்போது அந்தப் பணம் எதிலும் சேராமல் தொங்கும். ஏஜென்ட் வசூலித்துக் கட்டியிருப்பார், கமிஷன் விழுந்திருக்காது. பட்டியல் எடுப்பதற்கு முன் `On Account` நிலுவை ஒன்றும் இல்லை என்று பார்ப்பது கணக்கரின் முதல் வேலை. முன்பணமாக வந்ததை `Advance` என்று வைத்து, பில் போட்டு நேர்செய்த பிறகே கமிஷன் தர வேண்டும். சரக்கு போகாத பணத்தில் விற்பனை இன்னும் நடக்கவில்லை.

வயதுக்கு ஏற்ப விகிதம் வைக்கும் கடைகளில் இது இன்னும் கூர்மையாகிறது. 60 நாளுக்குள் வந்தால் 2 சதவீதம், 90 வரை 1 சதவீதம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று வைத்தால், 90 நாள் தாண்டிய பில்லை ஏஜென்ட் மறந்துவிடுவார். வந்த பணத்தையெல்லாம் புதுப் பில்லில் எழுதுவார், அதற்குத்தான் கமிஷன் உண்டு. நிலுவைப் பட்டியலில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஒரே கடையின் கணக்கில் புதுப் பில்கள் தீர்ந்திருக்க, பழையது ஒன்று அப்படியே நிற்கும். அந்தக் கடைக்காரரிடம் அந்தப் பில்லில் தகராறு உண்டா என்று முதலாளி போனில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் மருந்து விதியில் இருக்கிறது. அதிகம் அலைய வேண்டியது பழைய பாக்கிக்குத்தான். அதற்குக் கூலியே இல்லை என்று எழுதுவது, அதை வசூலிக்காதே என்று சொல்வதற்குச் சமம். விகிதம் குறையலாம், பூஜ்யமாகக் கூடாது.

வரவு என்பது எந்த நாள்?

செக் கைக்கு வந்த நாளா, வங்கியில் பாஸான நாளா? பாஸான நாள்தான். பின்தேதியிட்ட செக்கை வாங்கி வைத்துக்கொண்டு வசூல் ஆகிவிட்டது என்று கணக்குக் காட்டினால் இந்த முறைக்கே பொருளில்லை. ஆனால் பாக்கியின் வயதை மட்டும், செக்கில் எழுதிய தேதியையோ கைக்கு வந்த தேதியையோ வைத்து, எது பிந்தியதோ அதைக்கொண்டு அளக்கலாம். கடையில் யாரோ செக்கை வங்கியில் போட மறந்ததற்கு ஏஜென்டின் விகிதம் குறையக் கூடாது.

செக் திரும்பினால், கமிஷன் கொடுத்திருந்தால், அடுத்த மாதம் அதே தொகையைக் கழிக்க வேண்டும். பணம் மறுபடி வரும்போது மறுபடி தர வேண்டும். கழிப்பதை மறக்காத கடைகள் பல, மறுபடி தருவதை மறக்கின்றன. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்குக்கு வழி உண்டு. ஆகவே ஏஜென்ட் "கடைக்காரர் தந்துவிடுவார், பொறுங்கள்" என்று இழுப்பதற்கு எல்லை வேண்டும்.

ரொக்கத்தில் வேறு ஆபத்து. மேலூரில் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிட்டு, திருமங்கலத்தில் வாங்கியதை மேலூர்க் கணக்கில் கட்டுவது. இதை ரொட்டேஷன் என்பார்கள். வசூல் கமிஷன் இதைத் தூண்டவும் செய்யும். விகிதம் குறையும் நாள் நெருங்கும்போது வேறு கடைப் பணத்தைப் போட்டுப் பில்லைத் தீர்க்கத் தோன்றும். ரசீதுத் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போவதும், கடைக்காரர் முழு ரூபாயாகத் தந்தது இரண்டு மூன்று துண்டாக வரவாவதும் இதன் அறிகுறிகள். வரவு வைத்த அன்றே கடைக்காரருக்குத் தொகையும் பில் எண்ணும் குறுஞ்செய்தியாகப் போனால், அல்லது பணம் யூபிஐ வழியாக நேரே கடைக் கணக்குக்கு வந்தால், இதற்கு இடமில்லாமல் போகும். நேரே வந்த பணத்துக்கும் ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு என்று மட்டும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரே ரொக்கமாகத் தாருங்கள் என்று கேட்பார்.

வைகைத் தண்ணீரும் 60 நாளும்

மதுரைச் சமவெளிக்கு என்று ஒரு கணக்கு உண்டு. குழாய், மோட்டார், உரம், பூச்சிமருந்து விற்கும் கடைக்காரரின் கையில் பணம் புரள்வது, விவசாயியின் கையில் புரளும்போதுதான். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் நீர்மட்டம் போதுமானதாக இருந்தால், பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பரப்பு, சுமார் 45,000 ஏக்கர், ஜூன் மாதத்தில் தண்ணீர் பெறுகிறது. மேலூர், திருமங்கலம் பக்கத்து ஒருபோகப் பரப்புக்குச் செப்டம்பரில்தான் தண்ணீர். அறுவடை தை, மாசியில். தண்ணீர் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டில் எல்லாமே தள்ளிப்போகும். உசிலம்பட்டியின் பெரும்பகுதி மழையை நம்பியது.

ஒரே கம்பெனி வாடிப்பட்டி லைனுக்கும் மேலூர் லைனுக்கும் ஒரே 60 நாள் வரம்பை வைத்தால், மேலூர் ஏஜென்ட் அக்டோபரில் விற்றதற்கு அரை விகிதத்துக்கு மேல் பெறமாட்டார். கடைக்காரரோ தை பிறந்தால் தருவேன் என்று முதலிலேயே சொல்லித்தான் வாங்கியிருப்பார். முதலாளி அந்தக் கெடுவை ஒப்புக்கொண்டு சரக்கு அனுப்பியிருந்தால், பாக்கியின் வயதைப் பில் தேதியிலிருந்து எண்ணாமல், ஒப்புக்கொண்ட கெடு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். முழுத் தீர்வும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஜிஎஸ்டியில் 180 நாள் விதி மட்டும் தனியே நிற்கிறது: அதற்குள் பணம் தராத கடைக்காரர், எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். 150ஆம் நாள் வாக்கில் ஏஜென்ட் இதை நினைவூட்டினால், நெடுநாள் பாக்கி அசைவதற்கு அது நல்ல காரணம்.

அரசு ஒப்பந்தக்காரர்களுக்கு விற்கும் லைனில் வசூல் முறை பொருந்துவதில்லை. அவர்களுக்குப் பணம் வருவது ஊராட்சியின் பில் பாஸாகும் நாளில். ஏஜென்டின் அலைச்சல் அதை வேகப்படுத்தாது. அங்கே பாதி கமிஷனைப் பில்லிலும் பாதியை வசூலிலும் தருவதே பொருத்தம்.

வேலையை விட்ட பிறகு

ஏஜென்ட் டிசம்பரில் விலகுகிறார். அவர் எழுதிய ஆர்டர்களின் பாக்கி லட்சக்கணக்கில் நிற்கிறது. ஜனவரியில் புது ஆள் போய் வசூலிக்கிறார். கமிஷன் யாருக்கு? வசூல் முறையின் மிக மோசமான அநீதிகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. பெரும்பாலும் பழையவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவு, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஏற்ற செயல் முடியும்வரை முகவருக்கு ஊதியம் சேராது என்கிறது. அந்தச் செயல் ஆர்டரா, வசூலா? எழுதி வைக்காவிட்டால் அவரவருக்குச் சாதகமாக வாதிடலாம். எனவே விகிதத்தையே இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது: 2 சதவீதத்தில் 1.2 ஆர்டருக்கு, 0.8 வசூலுக்கு என்பது போல. இரண்டுமே பணம் வந்த பிறகுதான் தரப்படும். விலகியவருக்கு, அவர் எழுதிய பில்களின் பணம் ஆறு மாதத்துக்குள் வந்தால் ஆர்டர் பங்கு. புதியவருக்கு வசூல் பங்கு. லைன் மாறும்போதும் இதே விதி.

217ஆம் பிரிவு, தனக்குச் சேர வேண்டியதை வசூல் பணத்திலிருந்து முகவர் பிடித்துக்கொள்ள இடம் தருகிறது; 220ஆம் பிரிவு, முறைகேடு செய்த பகுதிக்கு ஊதியம் இல்லை என்கிறது. கணக்கு முடிக்காத முதலாளியிடம் ஏஜென்ட் முதல் பிரிவை நீட்டுவார், முதலாளி இரண்டாவதை நீட்டுவார். மாதந்தோறும் பில் எண், பில் தேதி, பணம் பாஸான தேதி, வரி நீங்கிய தொகை, விகிதம், கமிஷன் என்று பட்டியல் கொடுத்து இருவரும் கையெழுத்திட்டால் அந்த நிலை வராது.

வருமான வரியிலும் இந்தத் தேதி முக்கியம். கமிஷனில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியது தரும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ, எது முந்தியதோ அப்போது. 1961 சட்டத்தின் 194எச் பிரிவில் விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதமானது. ஆண்டு வரம்பு 2025 ஏப்ரல் முதல் 20,000 ரூபாயானது. மார்ச் 31 அன்று வசூலாகாத பில்லுக்கும் கமிஷனை ஏஜென்ட் பெயரில் வரவு வைத்துவிட்டால், கொடுக்காத பணத்துக்கு டிடிஎஸ் கட்ட நேரும். சம்பள ஆளாக இருந்தால் கமிஷனுக்கான இந்த விதியே பொருந்தாது; கமிஷனும் சம்பளத்தோடு சேரும்.

முடிவு

வசூலின் மேல் கமிஷன் என்பது ஏஜென்டிடம் ஒரு காத்திருப்பைக் கேட்கிறது. அவர் எடுத்த ஆர்டரின் தரத்துக்கும் அவர் செய்யும் வசூலுக்கும் அந்தக் காத்திருப்பு நியாயமே. முதலாளி தானாக நீட்டித்த கெடுவுக்கும், தாமதமாகப் போன லாரிக்கும், அளவு மாறி அனுப்பிய ஃபிட்டிங்ஸுக்கும் ஏஜென்ட் காத்திருந்தால், அவர் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். இந்தக் கோட்டை எழுத்தில் போட ஒரு பக்கம் போதும்: வரி நீங்கிய தொகை, பழைய பில் முதலில், பாஸான தேதி, கெடு முடிந்த நாளிலிருந்து வயது, பழைய பாக்கிக்கும் ஏதேனும் விகிதம், செக் திரும்பினால் கழிவு, மறுபடி வந்தால் வரவு, விலகிய பின் ஆறு மாதம். இந்த எட்டும் எழுதப்படாத இடத்தில் வசூல் முறைக்கு மாறச் சொன்னால், ஏஜென்ட் மறுப்பதற்கு எல்லா உரிமையும் உண்டு.